நூற்றுக்கு நூறு வாங்கிய காடு

தாவரவியல் ஆய்வாளர் ஒருவரின் ரேண்டம் ஃபாரஸ்ட் நூற்றுக்கு நூறு வாங்கிவிட்டது. தரவு, 1936-இல் ஃபிஷர் கையாண்ட அதே ஐரிஸ்: மூன்று இனம், 150 பூ. அவர் தட்டியது `predict(rf, iris)`. வினாத்தாளை முன்கூட்டியே பார்த்த மரங்கள் பரீட்சையில் தோற்குமா?

ஒவ்வொரு மரமும் சுமார் 37 சதவீதப் பூக்களைப் பார்க்காமலே வளர்கிறது. ஒரு பூவைப் பார்க்காத மரங்களை மட்டும் அந்தப் பூவுக்கு ஓட்டுப் போடவிட்டு எண்ணுவதுதான் அவுட்-ஆஃப்-பேக் பிழை. அதற்குத் தரவின் பெயரை எடுத்துவிட்டு `predict(rf)` என்றால் போதும். அப்படிச் செய்தால் ஏறக்குறைய 5 சதவீதம் பிழை. ஆறேழு பூ தப்பு. அவர் முகம் சுருங்கியது.

பிறகு தரவை `write.csv` மூலம் சேமித்துத் திரும்பப் படித்தார். அது சொல்லாமல் கொள்ளாமல் வரிசை எண்ணையும் ஒரு பத்தியாகச் சேர்த்துவிடும். படிக்கும்போது அதன் பெயர் `X`. இந்த முறை அவுட்-ஆஃப்-பேக் பிழையே கிட்டத்தட்டப் பூஜ்யம்! முக்கியத்துவப் படத்தில் இதழ் நீளத்தையும் அகலத்தையும் கீழே தள்ளிவிட்டு உச்சியில் `X` உட்கார்ந்திருந்தது. கட்டுரையின் விவாதப் பகுதியில் அந்தப் ‘புதிய பண்பு’க்கு அரைப்பக்கம் ஒதுக்கினார்.

கோப்பில் பூக்கள் இனவாரியாக ஐம்பது ஐம்பதாக அடுக்கப்பட்டிருக்கின்றன, அவ்வளவுதான்.

`X`-ஐ நீக்கிவிட்டு ஆறேழு தப்பையும் அட்டவணையாகப் போட்டிருந்தால் ஒரு செய்தி கிடைத்திருக்கும்: குழம்புவது வெர்சிகலரும் வர்ஜினிகாவும்தான், செடோசாவில் ஒன்றுகூடத் தப்பில்லை.