மூன்று ஔவையார்

எங்கள் சொந்தத்தில் யார் ஆய்வேடு எழுதினாலும், அது என் மேசையைத் தாண்டாமல் பல்கலைக்கழகம் போகாது. ஓய்வுபெற்ற மெய்ப்புத் திருத்துநருக்குக் கிடைக்கும் ஒரே மரியாதை அது. இம்முறை வந்தவள் மைத்துனர் மகள். சங்க இலக்கியத்தில் கொடை, 340 பக்கம்.

“எழுத்துப்பிழை மட்டும் பாருங்க மாமா. நாளான்னிக்கு சமர்ப்பிக்கணும்.”

பிழை அதிகமில்லை. ஒரே பெயர் பல வடிவில் வந்ததுதான் சிக்கல். ஓர் இயலில் ‘ஔவையார்’, இன்னோர் இயலில் ‘அவ்வையார்’. இவர்களையாவது கண்ணால் பிடித்துவிடலாம். மூன்றாவது ஆள் ‘ஒளவையார்’. ஔ என்ற எழுத்தைத் தட்டாமல், ஒ-வையும் ள-வையும் அடுத்தடுத்துத் தட்டிய கைங்கரியம். தாளில் அதே முகம்தான்; கணினிக்கு மட்டும் யாரோ அந்நியர். ‘ஔவை’ என்று தேடினால் இவர் அகப்படவே மாட்டார். பின்னிணைப்பிலிருந்த புலவர் பெயர்களை அகரவரிசைப்படுத்தச் சொன்னேன். குட்டு வெளிப்பட்டது: ஒருவர் அ-வில், ஒருவர் ஒ-வில், ஒருவர் ஔ-வில்.

அடுத்து மன்னர். ஓரிடத்தில் அதியமான், ஓரிடத்தில் அதிகமான், ஓரிடத்தில் வெறும் அஞ்சி.

“ஒரே பேரு திரும்பத் திரும்ப வந்தா சலிக்காதா மாமா?”

“கதைன்னா சலிக்கும். இங்கே புறத்தேர்வாளர் மூணு ராஜான்னு நினைச்சுக்கிட்டு, வாய்மொழித் தேர்வில் இவங்களுக்குள்ள என்ன உறவுன்னு கேப்பாரும்மா.”

சுருக்கக் குறியீட்டு அட்டவணை ‘புறநா.’ என்றது. மேற்கோள்களின் கீழே பாதி இடத்தில் ‘(புறம். 95)’ என்று இருந்தது. “ஒரு நிமிஷ வேலை” என்று, ‘புறம்’ அத்தனையையும் ‘புறநா’ ஆக்கும்படி கணினிக்கு உத்தரவிட்டாள். அது சொன்ன பேச்சைக் கேட்டது. “ஒருபுறநா வறுமை, மறுபுறநா மானம்” என்று புலவர் வாழ்வு புது நடையில் மலர்ந்தது. உடனே பழையபடி ஆக்கச் சொன்னேன். அடைப்புக்குறி, புள்ளி இரண்டையும் சேர்த்து ‘(புறம்.’ என்று தேடினால், ஒருபுறமும் மறுபுறமும் தப்பித்துவிடும்.

பிறகு ஒரு தாளில் இரண்டு பத்தி போட்டோம். இடப்பக்கம் வைத்துக்கொள்ளும் வடிவம், வலப்பக்கம் தேடி விரட்டவேண்டிய வடிவங்கள். விரட்டும்போதும் ஒவ்வொன்றாகப் பார்த்தே மாற்றவேண்டும். ஏனென்றால் மேற்கோளுக்குள்ளும் நூல் தலைப்பிலும் இருக்கும் ‘அவ்வையார்’ அந்த ஆசிரியரின் சொத்து. அதில் கைவைக்க நமக்கு உரிமையில்லை.

நள்ளிரவில் எல்லாம் ஒழுங்காயிற்று என்று மூடப்போனபோது முகப்பைப் பார்த்தேன். அவள் பெயருக்கு முன்னால் ‘சு.’ உறுதிமொழிப் பக்கத்தில் ‘எஸ்.’

“ரெண்டும் அப்பாதானே மாமா!”

எனக்குத் தெரியாதா, அவர் என் மைத்துனர். பட்டச் சான்றிதழ் அச்சடிப்பவருக்கு அவர் என்ன உறவு?