எதிரிக்கு விடுதலை, ஏஜென்டுக்கு வசூல்

விஸ்வநத்தத்தில் பட்டாசு ஆலை போர்மேனாக வேலை பார்த்து ஓய்ந்தவர் ஒருவர் டொரண்டோவில் இருக்கும் மகளைப் பார்க்கப் புறப்படுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர் எதற்கு? இந்தப் பக்கம் அவரைப் போல ஒருவரைத் தேட அதிக தூரம் போக வேண்டாம். பல வருடங்களுக்கு முன் மருந்துக் கலவை அறையில் உராய்வு, வெடி, சாவு. உரிமம் ஒருவர் பேரில், உள்குத்தகைக்கு எடுத்து நடத்தியது இன்னொருவர், முதல் தகவல் அறிக்கையில் முதல் பெயர் போர்மேன். வருடக்கணக்காக வாய்தாவுக்கு அலைந்து விடுதலையானார். மேலே இருந்தவர்கள் எந்த வாய்தாவுக்கும் வராமல் எப்படித் தப்பினார்கள் என்பது தனிக்கதை. அதை எந்தத் தூதரகமும் கேட்பதில்லை.

கனடா விசாப் படிவம் கேட்பது வேறு. எந்த நாட்டிலாவது நீங்கள் குற்றம் செய்ததுண்டா, கைதானதுண்டா, உங்கள்மீது குற்றம் சாட்டப்பட்டதுண்டா, தண்டனை பெற்றதுண்டா என்று ஒரே மூச்சில் கேட்கிறது. விடுதலையானாலும் குற்றம் சாட்டப்பட்டது உண்மைதானே. பதில் ‘ஆம்’தான்.

விசா ஏஜென்ட் தம்பிக்கு அந்த ‘ஆம்’ பிடிக்காது. “இல்லைன்னே போட்டுருவோம் அண்ணாச்சி, எவன் தோண்டிப் பார்க்கப் போறான்?” என்பார். தோண்டினால் அந்நாட்டுச் சட்டப்படி பொய்த்தகவலுக்கு ஐந்து வருடம் உள்ளே நுழையத் தடை. தடை அண்ணாச்சிக்கு, கமிஷன் தம்பிக்கு.

சரி, ‘ஆம்’ என்றே போட்டாயிற்று. இனி தீர்ப்பு நகலைக் காட்ட வேண்டும். கீழ்க்கோர்ட்டுத் தீர்ப்பு தமிழில் இருக்கிறது. அது நம் மொழிக்கு நாம் வாங்கித் தந்த உரிமை, அதில் எனக்குப் பெருமைதான். கனடாக் குடிவரவுத் துறைக்கோ ஆங்கிலம் அல்லது பிரெஞ்சு வேண்டும். அதுவும் சும்மா மொழிபெயர்ப்பு போதாது, சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்பு. இந்த இடத்தில்தான் நம்மூர்க் கடைகளின் பொற்காலம் தொடங்குகிறது.

சான்றளிப்பது என்றால் என்ன? அமெரிக்கக் குடிவரவு விதியை எடுத்துக்கொண்டால் நான்கு வரியில் முடிந்துவிடும். முழு மொழிபெயர்ப்பு வேண்டும். அது முழுமையானது, பிழையற்றது என்றும், இந்த மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றத் தனக்குத் தகுதி உண்டு என்றும் மொழிபெயர்த்தவர் எழுதிக் கையெழுத்திட வேண்டும். நோட்டரி முத்திரையை அந்த விதி கேட்கவே இல்லை. கனடா கொஞ்சம் கறார். அந்நாட்டில் சான்று பெற்ற மொழிபெயர்ப்பாளர் செய்யவில்லை என்றால், செய்தவர் நோட்டரி போன்ற ஒருவர் முன் சத்தியம் செய்து பிரமாணப் பத்திரம் தர வேண்டும். மூலத்தின் நகலும் கூடவே போக வேண்டும். விண்ணப்பதாரரோ, மகளோ, மருமகனோ, சித்தப்பா மகனோ, விண்ணப்பத்தைப் பார்த்துக்கொள்ளும் பிரதிநிதியோ மொழிபெயர்க்கக் கூடாது. அவர் வக்கீலாகவே இருந்தாலும் கூடாது. ஜெர்மனியில் கோர்ட்டில் உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளர்களுக்குப் பட்டியலே உண்டு. துபாயில் அரபியில் மாற்றுவதற்கு அந்நாட்டு நீதி அமைச்சகத்தின் உரிமம் பெற்றவர் வேண்டும். ஆக, ஒவ்வொரு நாடும் தன் வழியில் கேட்பது ஒன்றைத்தான்: இந்த எழுத்துக்குப் பொறுப்பேற்கும் ஆள் யார்?

நம் கடையில் அந்த ஆள்தான் கிடையாது. மற்றதெல்லாம் உண்டு. வட்ட முத்திரை, சதுர முத்திரை, சிவப்பு நாடா, தங்க நிற ஸ்டிக்கர். அச்சடிக்கத் தெரிந்த ஊர் அல்லவா? உள்ளே நமுத்த மருந்தை வைத்து வெளியே பளபள லேபிள் ஒட்டிய வெடிபோல மொழிபெயர்ப்பு தயாராகிறது. பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறவர் தட்டச்சு செய்தவர் அல்ல. தட்டச்சு செய்தவர் தீர்ப்பை முழுசாகப் படித்தவர் அல்ல. நோட்டரியோ காலையில் எழுந்ததும் ஐம்பது தாளில் முத்திரை குத்திவிட்டுத்தான் காப்பியே குடிக்கிறார். இத்தனைக்கும் 1952ஆம் ஆண்டு நோட்டரிகள் சட்டத்தின் 8ஆவது பிரிவு, ஆவணத்தை மொழிபெயர்ப்பதையும் மொழிபெயர்ப்பைச் சரிபார்ப்பதையும் அவருடைய வேலைகளில் ஒன்றாகவே சொல்கிறது. சரிபார்ப்பது! அவர் சரிபார்ப்பது பணத்தை மட்டும்.

இப்போது அண்ணாச்சியின் தீர்ப்புக்கு வருவோம். நம் கோர்ட்டுத் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு ‘எதிரி’ என்று பெயர். தீர்ப்பின் கடைசிப் பத்தி, முதல் எதிரி குற்றவாளி அல்ல எனத் தீர்மானித்து, பழைய குற்றவியல் விசாரணை முறைச் சட்டம் 248(1)ஆம் பிரிவின் கீழ் விடுதலை செய்கிறது. கடைத் தம்பி இதை எப்படி மாற்றுவார்? ‘ஃபர்ஸ்ட் எனிமி இஸ் ரிலீஸ்டு.’ அவ்வளவுதான். ‘குற்றவாளி அல்ல’ என்ற இரண்டு சொல் அவசரத்தில் காணாமல் போயிற்று, பிரிவு எண்ணும் அதோடு போயிற்று. எதிரி என்றால் ‘அக்யூஸ்டு’, விடுதலை என்றால் இங்கே ‘அக்விட்டட்’. ‘ரிலீஸ்டு’ என்றால் ஜெயிலில் கிடந்துவிட்டு வெளியே வந்தவர் என்றும் பொருள் வரும். விசா அதிகாரியின் மேஜையில் இப்போது இருப்பது, வெடிமருந்துச் சட்ட வழக்கில் தண்டனை முடிந்து வெளிவந்த ஒரு பகைவரின் விண்ணப்பம். செத்தவர்களுக்காகக் கண்ணீர் விட்டு, கோர்ட்டு வராந்தாவில் காத்துக் கிடந்து, குற்றமற்றவர் என்று பெயர் வாங்கிய மனிதரைக் கீழ்க்கோர்ட்டு விடுவித்தது. ஜெராக்ஸ் கடை தண்டித்துவிட்டது.

பிழை தீர்ப்போடு நிற்பதில்லை. சான்றிட்ட நகலின் முதுகில் நகல் பிரிவு குத்திய ஒரு கட்டம் இருக்கும்: மனுச் செய்த நாள், நகல் தயாரான நாள், வழங்கிய நாள் என்று மங்கலாக. ஓரத்தில் நடுவரின் கையெழுத்து, கோர்ட்டு முத்திரை, அடித்துத் திருத்திய ஒரு தேதி. முழுமையான மொழிபெயர்ப்பு என்றால் இவை அத்தனையும் வர வேண்டும். படிக்க முடியாத இடத்தில் ‘படிக்க இயலவில்லை’ என்றும், முத்திரை இருக்கும் இடத்தில் அதில் என்ன எழுதியிருக்கிறது என்றும் பகர அடைப்பில் குறிக்க வேண்டும். தீர்ப்பில் இனிஷியலோடு இருக்கும் பெயரை அப்படியே வைத்து, பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறது என்று கீழே குறிப்பு எழுத வேண்டும். மொழிபெயர்ப்பாளர் தன் இஷ்டத்துக்குத் திருத்தினால் இரண்டு மனிதர்கள் ஆகிவிடுவார்கள். கடையில் போட்ட தாளைத் திருப்பிப் பாருங்கள். நகலின் பின்பக்கம் ஆங்கிலத்தில் இல்லையென்றால் அந்தச் சத்தியம் பொய்ச் சத்தியம்.

இது போதாதென்று “அப்போஸ்டில் போட்டாத்தான் செல்லும் அண்ணாச்சி” என்று அடுத்த கொக்கி. அப்போஸ்டில் என்பது 2005 முதல் இந்தியாவும், 2024 ஜனவரி முதல் கனடாவும் சேர்ந்திருக்கும் ஹேக் உடன்படிக்கைச் சமாச்சாரம். ஆவணத்தில் இருக்கும் கையெழுத்தும் முத்திரையும் அசல் என்பதை மட்டும்தான் அது சொல்லும். உள்ளே இருக்கும் ஆங்கிலம் சரியா என்று அது பார்ப்பதே இல்லை. வெளியுறவு அமைச்சகம் அதற்கு வாங்கும் கட்டணம் ஐம்பது ரூபாய். கடை சொல்லும் தொகையை இங்கே எழுதினால் வருமான வரிக்காரர்கள் கிளம்பி வந்துவிடுவார்கள்.

தாய்மொழியில் நீதி என்று மேடைதோறும் முழங்கும் அரசே, அந்த நீதியைக் கடல் தாண்டி எடுத்துப் போக ஒரு நாதியாவது வைத்திருக்கிறாயா? தகுதித் தேர்வு வைத்து, பெயரும் பதிவெண்ணும் போட்டு, மாவட்டத்துக்குப் பத்து மொழிபெயர்ப்பாளர்களின் பட்டியலைக் கோர்ட்டு வாசலில் ஒட்டுவதற்கு என்ன செலவாகிவிடும்? பட்டாசுக் கடைத் திறப்பு விழாவுக்கு அடிக்கும் பேனர் காசு போதுமே! சென்னை உயர் நீதிமன்றத்துக்கு மொழிபெயர்ப்பாளர்கள் உண்டு. விஸ்வநத்தத்து போர்மேனுக்கு ஜெராக்ஸ் கடைத் தம்பி உண்டு.

அதுவரை அண்ணாச்சிகள் கடையில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: “தம்பி, பிரமாணப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டிருக்கிறவர் யாரு, அவர் போன் நம்பர் என்ன, நான் இப்ப பேசலாமா?” தம்பி நம்பர் தர மறுத்தால் முன்பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.