32 பேரும் ஒரு மாநிலமும்

எம்.எட். மாணவர் ஒருவரின் ஆய்வுச் சுருக்கம், ‘எண்ணும் எழுத்தும் திட்டம் தமிழகக் குழந்தைகளின் வாசிப்பில் ஏற்படுத்திய தாக்கம்’ என்று தொடங்கியது. 2022இல் மாநிலமெங்கும் வந்த திட்டம். அவர் பார்க்கப்போவதோ ஒரே பள்ளி, மூன்றாம் வகுப்பு, 32 பிள்ளைகள், ஆறு வாரம்.

திட்டம் இல்லாத வகுப்பொன்று ஒப்பிடக் கிடைத்தால்தானே, முன்னேற்றம் திட்டத்தாலா, ஆறு வாரம் வளர்ந்ததாலா என்று பிரித்துச் சொல்ல முடியும்?

ஆய்வு வினா இன்னும் அழகு: ‘திட்டம் பயனுள்ளதா?’ ‘ஆம்’ என்றால் ஆய்வேடு ஒரே சொல்லில் முடிந்தது. வழிகாட்டி சிவப்பு மையில் மாற்றி எழுதினார்: ‘இந்த வகுப்பில் பிள்ளைகள் உரக்க வாசிக்கும்போது எந்தெந்த எழுத்துகளில் தடுக்கி நிற்கிறார்கள்? அப்போது ஆசிரியர் என்ன செய்கிறார்?’ இதற்கு 32 பேர் தாராளம்.

சுருக்கத்தின் கடைசி வரி, ‘கணிசமான முன்னேற்றம் காணப்பட்டது.’ தரவு சேகரிப்பு அடுத்த மாதம்தான் தொடங்குகிறது.