வண்டி நின்றால் நீங்கள் அங்கே நிற்காதீர்கள்!

கே: என் புல்லட் 110-ல் பறக்கும். பெங்களூரு - மைசூரு எக்ஸ்பிரஸ்வேயில் எனக்கு ஏன் தடை? (ஓசூர் வாசகர்)

ப: புல்லட் பறக்கும், சரி. பின்னால் ஒரு கார் லேசாகத் தட்டினால் நீங்களும் பறப்பீர்களே! சுற்றிலும் தகடு இல்லாத வண்டி அது. 2023 ஆகஸ்ட் 1 முதல் அங்கே பைக், ஆட்டோ, டிராக்டர், மாட்டுவண்டி எதற்கும் பிரதான சாலையில் இடமில்லை, சர்வீஸ் ரோடுதான். ஆனால் உங்கள் கோபத்திலும் நியாயம் உண்டு. ஜெர்மனியின் ஆட்டோபானில் பைக்குகள் தாராளமாக ஓடுகின்றன. இங்கே மொபெட்டுக்கும் புல்லட்டுக்கும் ஒரே தடை.

கே: டிராக்டர் இடது ஓரமாக மெதுவாகப் போனால் யாருக்கு என்ன நஷ்டம்? (மண்டியா வாசகர்)

ப: ஆபத்து வேகத்தில் மட்டுமில்லை, வேக வித்தியாசத்திலும் இருக்கிறது. கார் 100-ல் வருகிறது, டிராக்டர் 25-ல் போகிறது. இடையே 200 மீட்டர் இருந்தாலும் பத்து விநாடிக்குள் கார் டிராக்டரை எட்டிவிடும். தூரத்துப் பின்பக்கத்தைப் பார்த்து அது ஓடுகிறதா, ஊர்கிறதா என்று கண்டுபிடிப்பதற்குள் பாதி நேரம் போய்விடும். நடந்து குறுக்கே போகிறவர் கதை இன்னும் மோசம். 100-ல் வரும் கார், டிரைவர் சுதாரித்துப் பிரேக் அடித்து நிற்க, காய்ந்த சாலையிலேயே சுமார் 100 மீட்டர் வேண்டும். சுரங்கப்பாதை தொலைவில் இருப்பதால்தான் வேலி தாண்டுகிறார்கள் என்பதும் உண்மை. பக்கத்திலேயே சுரங்கப்பாதை கட்ட வேண்டியது அரசாங்கம்.

கே: நடுவழியில் என் காரே நின்றுவிட்டால்? (சேலம் வாசகி)

ப: இன்ஜின் இருமும்போதே இடது இண்டிகேட்டர் போட்டு, உருளும் வேகம் இருக்கும்வரை ஓரத்துக்கு ஒதுக்குங்கள். நான்கு இண்டிகேட்டரும் மின்னட்டும். எல்லோரும் இடப்பக்கக் கதவு வழியாக இறங்கி இரும்புத் தடுப்புக்கு அப்பால் போய், காருக்குப் பின்பக்கம், அதாவது வண்டிகள் வரும் திசையில், தள்ளி நில்லுங்கள். முன்னால் நின்றால், இடிபட்ட கார் உங்கள் மேல்தான் வந்து விழும். இரவில் டிக்கியைத் திறந்து வைத்து அதன் பின்னால் நிற்காதீர்கள். மின்னும் விளக்கை நீங்களே மறைத்துவிடுவீர்கள். முக்கோணப் பலகை வைக்கத் தடுப்புக்கு வெளியே நடக்க வழியிருந்தால் மட்டும் போங்கள், நூறு மீட்டராவது தள்ளி வையுங்கள். இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

ஓரம் எட்டாமல் நடு லேனில் நின்றுவிட்டதா? இறங்கச் சந்து கிடைக்காவிட்டால் பெல்ட்டோடு உள்ளேயே இருந்து 112-ஐ அழையுங்கள்.

கே: டயர் பஞ்சர்தானே, நானே மாற்றிக்கொள்ளக் கூடாதா? (அதே வாசகி)

ப: வலப்பக்க டயர் என்றால் கூடவே கூடாது, லாரிகள் உங்கள் முதுகை உரசிக்கொண்டு போகும். நெடுஞ்சாலை உதவிக்கு 1033. கிலோமீட்டர் கல்லில் உள்ள எண்ணையும், எந்த ஊரை நோக்கிப் போகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். 1033-ஐ இப்போதே போனில் போட்டு வையுங்கள், அம்மா.