மாடியில் மெஷின், கீழே ஓனர்

கேள்வி: மதுரையில் மாடி போர்ஷனில் வாடகைக்கு இருக்கிறோம். வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுக்க ஆசை. கீழே குடியிருக்கும் ஹவுஸ் ஓனரிடம் எப்படிக் கேட்பது?

பதில்: நீங்கள் சொல்லாவிட்டாலும் மெஷின் சொல்லிவிடும், அதனால் முந்திக்கொள்ளுங்கள் சகோதரி! மோட்டார் மெஷினின் அதிர்வு அதன் கால் வழியாகத் தரையில் இறங்கி, கீழ்வீட்டுக் கூரையில் உறுமலாகக் கேட்கும். கால்களுக்கு அடியில் தடிமனான ரப்பர் மேட் போட்டு, மெஷினைச் சுவரை விட்டுத் தள்ளி வையுங்கள். பிறகு வீட்டில் ஒருவரை ஓட்டச் சொல்லிவிட்டு, ஓனரின் பக்கத்தில் நின்று நீங்களும் கேளுங்கள். அவர் காதுதான் இங்கே நீதிபதி.

அடுத்தது கேட் சத்தம். அளவு கொடுக்கவும் துணி வாங்கவும் வாடிக்கையாளர்கள் வருவது மாலை 4 முதல் 6 மணி வரை மட்டும், போன் செய்துவிட்டு, ஒரு நேரத்தில் ஒருவர்தான் என்று ஓனரிடம் சொல்லுங்கள். இரவு 7 மணிக்கு மேல் மெஷின் ஓடாது, வாசலில் போர்டு இருக்காது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். "3 மாதம் பாருங்கள், தொந்தரவென்றால் நிறுத்திவிடுகிறேன்" என்றால் அவருக்கும் சரியென்று சொல்வது சுலபம்.

கரண்ட் விஷயத்தை மறைக்காதீர்கள். வீட்டு இணைப்பில் தொழில் செய்தால் கட்டண வகை மாறுமா என்று மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் முதலிலேயே விசாரியுங்கள். கூடுதல் செலவு உங்களுடையது என்று ஓனரிடம் சொல்லிவிடுங்கள்.

வாய்ச் சம்மதம் போதாது. வாடகை ஒப்பந்தத்தில் பெரும்பாலும் 'குடியிருப்புக்கு மட்டும்' என்றிருக்கும். அதை மீறினால் காலி செய்யச் சொல்ல அதுவே காரணமாகிவிடும். பேசியதை எழுதி, இருவரும் கையெழுத்திட்ட பிறகு முதல் துணியை வெட்டுங்கள்.