வெட்டு இல்லாமல் ஒரு சட்னி

மிக்ஸி வாங்க வருகிறவர்கள் மூன்று கேள்விதான் கேட்பார்கள். வேகமா அரைக்குமா, சத்தம் போடுமா, கழுவச் சுலபமா. மாட்டுங்காவில் கடை வைத்திருக்கும் என் அத்தான் இருபது வருடமாக இதற்கு "ஆமா, இல்ல, ஆமா" என்று ஒரே மூச்சில் பதில் சொல்லிவருகிறார். இப்போது வாடிக்கையாளர்கள் நம்புவதில்லை. அதனால் ஒரு வீடியோ எடுக்கவேண்டும், அதில் வெட்டே இருக்கக் கூடாது, அடுக்களையில் ஆரம்பித்து அடுக்களையிலேயே முடியவேண்டும், அதற்கு நான் ஸ்கிரிப்ட் எழுதித் தரவேண்டும் என்றார். "நீதான மாப்ள பத்திரிகைல எழுதுத?" எழுதுகிறவனுக்குச் சட்னி அரைக்கத் தெரியும் என்பது எங்கள் குடும்பத்தின் நம்பிக்கை.

மிக்ஸி விஷயத்தில் பம்பாய்க்குச் சொந்தக் கதை உண்டு. 1963இல் இங்கே சீமன்ஸில் பொறியாளராக இருந்த சத்ய பிரகாஷ் மாத்தூர் வீட்டு ஜெர்மன் பிரான் மிக்ஸி, இந்திய மசாலாவை அரைத்துக் கருகிப்போனது. அவர் மனைவி மாதுரியின் அடுக்களைக் குறையைத் தீர்க்கப் போய்த்தான் சுமீத் மிக்ஸி பிறந்தது. பழச்சாறு பிழியப் பிறந்த மோட்டார் நம்மூர் மிளகாய் வற்றலைப் பார்த்தால் மிரளத்தானே செய்யும். ஆகவே டெமோ என்றால் சப்போட்டா ஜூஸ் போட்டுக் காட்டி ஏமாற்றக் கூடாது என்று முதலிலேயே முடிவு செய்தேன்.

படப்பிடிப்புத் தளம் செம்பூரில் அண்ணன் வீட்டு அடுக்களை. நடிகை மைனி.

ஸ்கிரிப்ட்டின் உயிர், வரிசையில் இருக்கிறது. வெட்டு கிடையாது என்றால் ஜாரைக் கழுவிக் காயவைக்க நேரமும் கிடையாது. தேங்காய் அரைத்த ஈர ஜாரில் மல்லியைக் கொட்டினால் பொடி சுவரோடு அப்பிக்கொள்ளும். எனவே முதலில் காய்ந்தது, பிறகு ஈரம், கடைசியில் கழுவல். முதல் காட்சிக்கு அரைக் கப் மல்லியும் ஆறு மிளகாய் வற்றலும் வறுத்து, நன்றாக ஆறவிட்டு எடுத்துவைக்கச் சொன்னேன். சூடாகப் போட்டால் உள்ளே நீராவி கட்டி, பொடி கட்டிதட்டும்.

வேகத்தைக் காட்டுவதுதான் முதல் தலைவலி. பெட்டியில் 18,000 சுற்று, 20,000 சுற்று என்று அச்சடித்திருப்பதெல்லாம் ஜாரில் ஒன்றும் இல்லாமல் காற்றில் சுற்றும் கணக்கு. பண்டம் விழுந்ததும் அது நன்றாகக் குறையும். வேகத்தைக் கண்ணால் பார்க்க முடியாது, காதால் கேட்கலாம். மல்லி முதலில் சரளைக் கல் மாதிரி கடகடக்கும், பிறகு மணல் உரசுகிற சத்தமாக இறங்கும், கடைசியில் வெறும் 'ஸ்ஸ்' மட்டும் மிஞ்சும். அந்த 'ஸ்ஸ்' வருவதற்கு எத்தனை விநாடி என்பதுதான் உண்மையான வேகம். பக்கத்துச் சுவரில் விநாடி முள் உள்ள கடிகாரத்தை மாட்டிவிட்டோம். வெட்டு இல்லாத ஷாட்டில் பொய் சொல்ல முடியாத ஒரே நடிகர் அதுதான்.

தேங்காய்ச் சட்னியில் ஸ்கிரிப்ட் வேண்டுமென்றே தடுமாறுகிறது. அரை மூடித் தேங்காய், நாலு பச்சை மிளகாய், இரண்டு கரண்டி பொட்டுக்கடலை. தண்ணீர் குறைவாக விட்டால் சில விநாடியில் தேங்காய் சுவரேறி உட்கார்ந்துவிடும், பிளேடு வெறும் காற்றைக் கடையும். மோட்டாரின் குரல் சட்டென்று உச்ச ஸ்தாயிக்கு ஏறும். நன்றாக அரைகிறது என்று நினைத்து அப்போதுதான் பலர் இன்னும் ஒரு நிமிடம் ஓட்டுவார்கள். சுமை இல்லாத மோட்டாரின் கீச்சல் அது. நிறுத்தி, வழித்துவிட்டு, ஒரு கரண்டி தண்ணீர் தெளித்து, குமிழை இடப்பக்கம் விட்டுவிட்டுத் திருப்பவேண்டும். இதை மறைக்கத்தான் விளம்பரங்களில் வெட்டு வைக்கிறார்கள் என்பது என் சந்தேகம். எங்கள் ஸ்கிரிப்ட்டில் மைனி நிறுத்தி வழிப்பதை ஒரு வரியாகவே எழுதிவைத்தேன்.

சத்தம்தான் பெரிய துரோகி. அத்தான் தன் புது மிக்ஸி பழசைவிட அமைதி என்று நிரூபிக்க ஆசைப்பட்டார். இரண்டையும் ஓட்டி ஒத்திகை எடுத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே சத்தம். போனின் மைக் ரொம்ப மரியாதைக்கார ஜீவன். யாராவது கத்தினால் தானாகத் தன் காதைப் பொத்திக்கொள்ளும், அமைதியானால் திறந்துகொள்ளும். மிக்ஸி நின்ற உடனே மைனி பேசிய முதல் இரண்டு சொல் கிணற்றுக்குள்ளிருந்து வந்ததும் அதனால்தான். கேமரா ஆப்பில் ஒலி அளவைக் கையால் பூட்டி, போனை ஒரே இடத்தில் ஊன்றி, இரண்டு மிக்ஸியிலும் ஒரே அளவு மல்லி போட்டு ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டினால்தான் ஒப்பிட முடியும். பூட்டியபிறகு வித்தியாசம் தெரிந்தது. கொஞ்சம்தான். அத்தான் முகமும் அந்த அளவுக்கே மலர்ந்தது.

இதற்கிடையே ஹார்பர் லைன் ரயில் ஒன்று, மேல்மாடி குக்கரின் விசில் இரண்டு, கீழே பழைய சாமான் வாங்குகிறவரின் குரல். வெட்டு இல்லாத படத்தில் செம்பூர் முழுவதும் கௌரவ வேடத்தில் வந்துபோகும். சத்தத்தைக் குறைக்க அத்தான் ஒரு வழி சொன்னார்: மிக்ஸிக்கு அடியில் டவலை நாலாக மடித்து வைக்கலாம். மைனி கையை நீட்டித் தடுத்தார். "அண்ணே, அது அடி வழியாத்தான் மூச்சு விடுது. மூக்கைப் பொத்திட்டு ஓடச் சொன்னா ஓடுமா?" அடியில் இருக்கும் ஓட்டைகள் மோட்டாரின் சூட்டை வெளியேற்ற. பெரும்பாலான மிக்ஸிகளின் அடியிலேயே ஐந்து நிமிடம் ஓட்டு, இரண்டு நிமிடம் நிறுத்து என்று அச்சாகி இருக்கும், மீறினால் படக்கென்று நின்றுவிடும். ஆறவிட்டு அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அமுக்கினால் உயிர் வரும். பொத்தானைத் தெரியாதவர்கள்தான் மிக்ஸியைத் தாராவிக்குத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

தாராவி தொண்ணூறடி ரோட்டுப் பக்கம் ரிப்பேர் பார்க்கும் அண்ணாச்சி ஒருவரிடம்தான் கழுவல் காட்சிக்கு யோசனை கேட்டேன். எல்லா டெமோவிலும் போல பாதி ஜார் தண்ணீர், ஒரு சொட்டு சோப்பு, இரண்டு சுற்று, கொட்டினால் பளபள என்று எழுதிவைத்திருந்தேன். "அது மூஞ்சி கழுவுத மாதிரி, குளிக்கலியே" என்றார். அழுக்கு ஒளியும் இடம் மூன்று: மூடியின் ரப்பர் வளையத்துக்கு உள்பக்கம், பிளேடுக்குக் கீழே, ஜாரின் வெளி அடி. ஜாரில் ராத்திரி முழுக்கத் தண்ணீர் ஊறவிட்டால் பிளேடு நிற்கும் புஷ் துருப்பிடித்துக் கசிய ஆரம்பிக்கும். சட்னித் தண்ணீர் கப்ளர் வழியாக மோட்டாருக்குள் இறங்கும். அவருக்கு வரும் கேஸ்களில் பாதி இந்த வழிதானாம். அவர் சொன்ன பரிசோதனையை அப்படியே காட்சியில் வைத்தேன். சோப்புத் தண்ணீர் சுற்றி முடித்ததும் வளையத்தைக் கழற்றி வெள்ளை வேட்டித் துணியால் உள்பக்கம் துடைப்பது. துணியில் மிளகாய்ச் சிவப்பு ஒட்டியது. ஜாரைக் கவிழ்த்து அடியையும் காட்டினார் மைனி. அப்போது குழாயைத் திறந்தால் காற்று மட்டும் வந்தது. தண்ணீர் வரும் நேரம் முடிந்துவிட்டது. மைனி முகம் மாறாமல் வாளியில் இருந்து மொண்டு கழுவினார். மும்பைக்காரர்கள் யாரும் இதை நடிப்பு என்று சொல்ல முடியாது.

வீடியோவைப் பார்த்த அத்தான், வழிக்கிற இடத்தையும் சிவப்புத் துணியையும் மட்டும் வெட்டிவிடலாமா என்று கேட்டார். "வெட்டினா ஒரே ஷாட் எப்படிண்ணே?" என்றார் மைனி. வேறு வழியில்லாமல் கடை வாசலில் டிவியில் ஓடவிட்டார். பார்த்தவர்களில் முதல் ஆள் நேராக உள்ளே வந்து, அந்த அம்மா சட்னி வழித்தாங்களே, அந்தக் கரண்டி என்ன விலை என்று கேட்டார். இப்போது கடையில் மிக்ஸிக்கு முன்னால் கரண்டிதான் அடுக்கியிருக்கிறது.