மூவர், ஆனால் ஒருவர்

கேள்வி: பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று மூவரைச் சொல்லிவிட்டு, கடவுள் ஒருவரே என்கிறார்களே கிறிஸ்தவர்கள். கணக்கு இடிக்கிறதே?
– பத்தாம் வகுப்பு மாணவி

பதில்: கணக்குப் பாடத்தில் நீ நிச்சயம் தேறிவிடுவாய்! ஆனால் இங்கே இரண்டு கேள்விகள் இருக்கின்றன, தங்கையே. "கடவுள் எத்தனை?" என்றால் ஒன்று. "அந்தக் கடவுள் யார் யார்?" என்றால் மூவர். ஒரே கேள்விக்கு இரண்டு விடை சொன்னால்தான் இடிக்கும்.

தண்ணீரே பனிக்கட்டியாகவும் ஆவியாகவும் மாறுவதுபோல என்று பலர் விளக்குவார்கள். அதைத் திருச்சபை ஏற்பதில்லை. ஒருவரே மூன்று வேஷம் போடுகிறார் என்றாகிவிடுமே! யோர்தான் ஆற்றில் இயேசு ஞானஸ்நானம் பெற்ற காட்சியைப் பார். தண்ணீரிலிருந்து கரையேறுகிறவர் மகன். புறாவைப்போல் அவர்மேல் இறங்குகிறவர் ஆவியானவர். "இவர் என் அன்பு மகன்" என்று வானத்திலிருந்து குரல் கொடுக்கிறவர் தந்தை. ஒரே நேரத்தில் மூவரும் இருக்கிறார்கள். வேஷம் மாற்ற நேரமேது?

அப்படியானால் மகன் கொஞ்சம் குறைந்தவரோ? அலெக்சாந்திரியாவில் ஆரியுஸ் என்ற குரு, மகனும் படைக்கப்பட்டவரே என்றார். கி.பி. 325இல் நிசேயாவில் கூடிய ஆயர்கள் அதை மறுத்து, தந்தையும் மகனும் ஒரே இறைத்தன்மை உடையவர்கள் என்று அறிக்கையிட்டார்கள். 381இல் கான்ஸ்டாண்டிநோபிள் சங்கம் ஆவியானவரும் அவர்களோடு ஒன்றாக வணங்கப்படுகிறவர் என்றது.

எனக்கு மிகவும் பிடித்த விளக்கம் ஒன்று உண்டு. கடவுள் அன்பாகவே இருக்கிறார் என்கிறது விவிலியம். உலகமே இல்லாதபோது அவர் யாரை நேசித்தார்? தந்தை மகனை நேசித்தார், ஆவியானவரின் ஒன்றிப்பில் என்பார்கள் கிறிஸ்தவர்கள்.